பன்னிரண்டு யூனிட்டா, ஐந்நூறு யூனிட்டா?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம்தான் முதல்முறையாக மியூச்சுவல் ஃபண்டில் 5,000 ரூபாய் போட்டேன். திங்கட்கிழமை மதியம் 1.40-க்கு ஆப் மூலம் பணம் கட்டினேன். அப்போது ஆப்பில் என்ஏவி 408.90 என்று இருந்தது. ஆனால் வந்த ஸ்டேட்மென்ட்டில் செவ்வாய்க்கிழமை தேதி போட்டு 412.36-க்கு 12.125 யூனிட் கொடுத்திருக்கிறார்கள். அதே ஃபண்டு இன்னொரு இடத்தில் 371.20 என்று காட்டுகிறது. அலுவலக நண்பர் ஒருவர் புதிதாக வந்த ஃபண்டில் அதே 5,000 போட்டு ஏறக்குறைய 500 யூனிட் வாங்கிவிட்டார், யூனிட் 10 ரூபாய்தானாம். நான் ஏமாந்துவிட்டேனா? இதை விற்றுவிட்டு அந்த மாதிரி ஃபண்டுக்கு மாறலாமா?

பதில்:

நீங்கள் ஏமாறவில்லை. மாறவும் வேண்டாம். ஏன் என்று சொல்ல, அந்த 412.36 எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆலோசகராக வருவதற்கு முன் சில வருடங்கள் ஒரு ஃபண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். தினமும் ராத்திரி இந்த எண்ணைக் கணக்கிட்டு வெளியிடுவதுதான் எங்கள் வேலை. அதனால் இதை யாராவது கடை விலை மாதிரி நினைத்து வருத்தப்பட்டால் எனக்குக் கொஞ்சம் பொறுக்காது.

மாலை 3.30-க்குப் பங்குச் சந்தை மூடும். அதற்குப் பிறகு அன்றைய முடிவு விலைகள் எங்களுக்கு வரும். ஃபண்டு வைத்திருக்கும் ஒவ்வொரு பங்கையும் அந்த விலையால் பெருக்கிக் கூட்டுவோம். வங்கியில் இருக்கும் ரொக்கத்தையும், வர வேண்டிய டிவிடெண்டையும் அதோடு சேர்ப்போம். அதிலிருந்து ஃபண்டு கொடுக்க வேண்டிய பாக்கிகளையும், நிர்வாகச் செலவில் அந்த ஒரு நாளுக்கான பங்கையும் கழிப்போம். மிஞ்சுவதுதான் நிகர சொத்து. அதை முதலீட்டாளர்கள் எல்லோரிடமும் இருக்கும் மொத்த யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு யூனிட்டின் நிகர சொத்து மதிப்பு கிடைக்கும். அதுதான் என்ஏவி. இதில் யாரும் விலை வைப்பதில்லை, பேரம் பேசுவதில்லை. நிறையப் பேர் கேட்டு வந்தார்கள் என்பதற்காக ஏறுவதும் இல்லை. அது ஒரு வகுத்தல் கணக்கின் விடை, அவ்வளவுதான்.

ஒரு நாள் எங்கள் கணக்கில் என்ஏவி 3 சதவீதம் இறங்கி வந்தது. அன்று சந்தை லேசாக ஏறியிருந்தது. பெரிய ஃபண்டு ஒன்று ஒரே நாளில் அப்படித் தனியாக இறங்க வழியே இல்லை. தேடிப் பார்த்ததில், ஃபண்டு வைத்திருந்த ஒரு நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்திருந்தது. பங்கின் விலை சந்தையில் பாதியாகிவிட்டது, ஆனால் எங்கள் ஏட்டில் பங்கின் எண்ணிக்கை இரட்டிப்பாகப் பதிவாகவில்லை. ஃபண்டில் அந்தப் பங்கின் எடை 6 சதவீதம். அதில் பாதி காணாமல் போனதுபோல் கணக்கு காட்டியது. பதிவைத் திருத்தி மறுபடி ஓட்டிய பிறகுதான் வெளியிட்டோம். நீங்களும் இதே சோதனையைச் செய்யலாம். உங்கள் ஃபண்டின் என்ஏவி ஒரு நாளில் எத்தனை சதவீதம் நகர்ந்தது, அது ஒப்பிடும் குறியீடு எத்தனை சதவீதம் நகர்ந்தது என்று பாருங்கள். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

சரி, உங்கள் திங்கட்கிழமைக்கு வருவோம். மதியம் 1.40-க்கு ஆப்பில் நீங்கள் பார்த்த 408.90 திங்கட்கிழமையின் என்ஏவி இல்லை. அந்த நேரத்தில் திங்கட்கிழமையின் என்ஏவி உலகத்தில் எங்கும் இல்லை, சந்தையே இன்னும் மூடவில்லையே! நீங்கள் பார்த்தது வெள்ளிக்கிழமை ராத்திரி கணக்கிட்டது. எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தத் தேதி இருந்திருக்கும். அந்த 408.90-க்குத் திங்கட்கிழமை வாங்க யாராலும் முடியாது, எத்தனை கோடி கொண்டுவந்தாலும். மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடுகிறவர் எப்போதும் இனிமேல்தான் கணக்கிடப்போகும் மதிப்பில்தான் வாங்குகிறார்.

இது வேண்டுமென்றே வைத்த விதி. ஏன் என்பதை ஒரு குட்டி ஃபண்டை வைத்துக் காட்டுகிறேன். பத்துப் பேர் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாய் போட்டு, யூனிட் 10 ரூபாய் வீதம் 10,000 யூனிட் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று அவர்கள் சொத்து 1,10,000 ஆகியிருந்தது, என்ஏவி 11 ரூபாய். இன்று சந்தை நன்றாக ஏறி சொத்து 1,21,000 ஆனது, என்ஏவி 12.10. இன்று ஒருவர் புதிதாக 12,100 ரூபாய் கொண்டுவருகிறார். இன்றைய மதிப்பில் கொடுத்தால் அவருக்கு 1,000 யூனிட். இப்போது சொத்து 1,33,100, யூனிட் 11,000. வகுத்துப் பாருங்கள், அதே 12.10. புதியவர் வந்ததால் பழையவர்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

அதே ஆளுக்கு நேற்றைய 11 ரூபாயில் கொடுத்தால் 1,100 யூனிட் கிடைக்கும். மொத்த யூனிட் 11,100 ஆகிவிடும். 1,33,100-ஐ அதால் வகுத்தால் 11.99. பழையவர்களின் ஒவ்வொரு யூனிட்டிலும் 11 காசு குறைந்துவிட்டது, எல்லோருக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,090 ரூபாய். அந்த 1,090-ம் அப்படியே புதியவர் பையில் இருக்கிறது. சந்தை ஏறியதைப் பார்த்துவிட்டு நேற்றைய விலையில் உள்ளே வருகிறவர், ஏற்கெனவே இருப்பவர்களின் பணத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார். இது வெறும் கற்பனையும் இல்லை. அமெரிக்காவில் சில ஃபண்டு நிறுவனங்கள் வேண்டப்பட்ட பெரிய வாடிக்கையாளர்களைச் சந்தை மூடிய பிறகும் அன்றைய மதிப்பிலேயே வாங்கவிட்டது 2003-ல் வெளியே வந்து பெரிய விசாரணையானது. பாதிக்கப்பட்டவர்கள், உங்களைப் போல மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டிருந்த சாதாரண மக்கள்.

இந்தியாவில் இதற்குப் பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் அமைப்பான செபி ஒரு நேரக் கோடு கிழித்திருக்கிறது. பங்கு ஃபண்டுகளுக்கு அது பிற்பகல் 3 மணி. ஆனால் 2021 பிப்ரவரி 1 முதல், விண்ணப்பம் 3 மணிக்குள் போனால் மட்டும் போதாது. பணமும் 3 மணிக்குள் ஃபண்டின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தொகை 500 ரூபாயாக இருந்தாலும் சரி. உங்களுக்கு நடந்தது இதுதான். 1.40-க்கு உங்கள் வங்கியிலிருந்து பணம் கிளம்பியது. ஆப் வழியாகக் கட்டும்போது அது நேராக ஃபண்டுக்குப் போகாமல் இடையில் பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் ஒரு தீர்வகத்தின் கணக்கில் இறங்கி, அங்கிருந்து போகலாம். அந்த நடையில் 3 மணி தாண்டிவிட்டது. அதனால் செவ்வாய்க்கிழமை மதிப்பு.

நட்டம் எவ்வளவு என்பதையும் கணக்குப் பார்த்துவிடுவோம். திங்கட்கிழமையின் என்ஏவி 410.15 என்று வைத்துக்கொள்வோம். அந்த மதிப்பில் உங்களுக்கு 12.190 யூனிட் வந்திருக்கும். இப்போது வந்தது 12.125. வித்தியாசம் 0.065 யூனிட், சுமார் 27 ரூபாய். செவ்வாய்க்கிழமை சந்தை இறங்கியிருந்தால் இதே தாமதம் உங்களுக்கு அதிக யூனிட் கொடுத்திருக்கும். வருடக்கணக்கில் மாதாமாதம் போடும்போது இது ஒரு மாதம் இந்தப் பக்கம், ஒரு மாதம் அந்தப் பக்கம் என்று போகும். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். தேதி முக்கியம் என்றால் காலையிலேயே, ஃபண்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் கட்டுங்கள். மாதத் தவணைக்கு வங்கியில் அனுமதி கொடுத்துவிட்டால் பணம் போகிற நாளும் யூனிட் வருகிற தேதியும் ஒரு நாள் முன்பின் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டேட்மென்ட்டின் அந்த ஒரு வரியை நீங்களே சரிபார்க்கலாம். 5,000-ஐ 412.36-ஆல் வகுத்தால் 12.125 வருகிறது. ஆனால் உண்மையில் வகுபட்ட தொகை 4,999.75. மீதி 25 காசு முத்திரைத்தாள் வரி. 2020 ஜூலை 1 முதல் யூனிட் வாங்கும்போதெல்லாம் நூறு ரூபாய்க்கு அரைப் பைசா வீதம் எடுக்கிறார்கள். அந்தத் தேதியின் என்ஏவி சரிதானா என்று பார்க்க, ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் பழைய தேதிகளின் மதிப்பெல்லாம் இலவசமாக இருக்கிறது. முதல் தடவை மட்டுமாவது ஒரு கால்குலேட்டரை எடுத்து இதைச் செய்து பாருங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்வேன். செய்தவர்களுக்கு அதற்கப்புறம் யூனிட், என்ஏவி என்ற சொற்கள் பயம் தருவதில்லை.

இப்போது உங்கள் நண்பரின் ஐந்நூறு யூனிட். புதிதாகத் தொடங்கும் ஃபண்டில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்பது கணக்கைத் தொடங்க வைக்கும் ஒரு எண். உள்ளே இன்னும் ஒரு பங்கும் வாங்கப்படவில்லை, வகுக்க ஒன்றும் இல்லை, அதனால் 10 என்று வைத்து ஆரம்பிக்கிறார்கள். உங்கள் ஃபண்டும் ஒரு காலத்தில் 10 ரூபாயில் ஆரம்பித்ததாகத்தான் இருக்கும். அது 412 ஆனது, இத்தனை வருடத்தில் உள்ளே இருந்த சொத்து வளர்ந்த கதை. ஒரே ரொட்டியை ஒருவர் பன்னிரண்டு துண்டாகவும் இன்னொருவர் ஐந்நூறு துண்டாகவும் வெட்டினால் ரொட்டி கூடிவிடாது.

இரண்டு ஃபண்டும் ஒரே பங்குகளை ஒரே அளவில் வைத்திருக்கின்றன, செலவும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு பாருங்கள். சந்தை 10 சதவீதம் ஏறுகிறது. உங்கள் என்ஏவி 412.36-லிருந்து 453.596 ஆகும். நண்பருடையது 10-லிருந்து 11 ஆகும். உங்கள் 12.125 யூனிட்டின் மதிப்பு 5,499 ரூபாய் 85 காசு. அவருடைய 499.975 யூனிட்டின் மதிப்பு 5,499 ரூபாய் 72 காசு. அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று காசு வித்தியாசம்கூட, யூனிட்டை மூன்று தசம இடத்தோடு நிறுத்துவதால் வருவது. இறங்கினாலும் இதே கதைதான். 10 ரூபாய் யூனிட் ஏற இன்னும் நிறைய இடம் இருக்கிறது, 412 ரூபாய் யூனிட் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அலுவலகங்களில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். என்ஏவிக்கு அப்படி ஒரு கூரை கிடையாது. உள்ளே இருக்கும் பங்குகள் சந்தையில் அதிக விலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம், அது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் அதே விலையேறிய பங்குகளைத்தான் 10 ரூபாய் ஃபண்டும் நாளைக்குக் கடைக்குப் போய் வாங்கியாக வேண்டும். மலிவாக வாங்கித் தர அதற்குத் தனி வாசல் இல்லை.

புதிய ஃபண்டு எப்போதுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் எந்த ஃபண்டும் செய்யாத ஒன்றை அது செய்தால், அதற்காகச் சேரலாம். ஆனால் முதல் முதலீடு செய்கிற ஒருவருக்கு, ஏறிய சந்தையிலும் இறங்கிய சந்தையிலும் எப்படி நடந்துகொண்டது என்று பத்து வருடம் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடிய ஃபண்டுதான் நல்லது. 10 ரூபாய் ஃபண்டில் திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை. 10 ரூபாய் என்பதையே காரணமாகச் சொல்லி யாராவது விற்க வந்தால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அந்த 371.20 மட்டும் வேறு விஷயம். என்ஏவியை என்ஏவியோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிற இடம் இது ஒன்றுதான். 412.36 உங்கள் ஃபண்டின் டைரக்ட் பிளான். 371.20 அதே ஃபண்டின் ரெகுலர் பிளான். உள்ளே இருக்கும் பங்குகள் ஒன்றே, நிர்வகிக்கிற ஆளும் ஒருவரே. ரெகுலரில் விற்றுக் கொடுக்கும் முகவருக்கான கமிஷன் செலவில் சேரும், டைரக்ட்டில் சேராது. செபி சொன்னபடி 2013 ஜனவரி 1 முதல் டைரக்ட் பிளான் தனியாக வந்தது. நான் முன்னே சொன்னேனே, தினமும் ராத்திரி அந்த ஒரு நாளுக்கான செலவைக் கழிப்போம் என்று, அந்தக் கழித்தல் ஒரு பிளானில் கொஞ்சம் அதிகம், இன்னொன்றில் கொஞ்சம் குறைவு. உங்கள் ஃபண்டில் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்தான் இருந்திருக்கும். யாருடைய ஸ்டேட்மென்ட்டிலும் அது தனி வரியாக வராது. ஆனால் இத்தனை வருடம் சேர்ந்து சேர்ந்து இரண்டு எண்களுக்கும் நடுவே 11 சதவீதம் இடைவெளி விழுந்துவிட்டது. தொடக்கத்திலேயே இரண்டிலும் சமமாகப் பணம் போட்ட இருவரில் ரெகுலர்காரரிடம் இன்று ஐந்து லட்சம் இருந்தால், டைரக்ட்காரரிடம் ஐந்து லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் இருக்கும்.

அதனால் 412.36 கொடுத்து நீங்கள் அதிக விலைக்கு வாங்கவில்லை. இன்று வாங்கும் 5,000 இரண்டு பிளானிலும் 5,000-தான். இன்றிலிருந்து போகும் வேகம்தான் வேறு, அதில் நீங்கள் செலவு குறைந்த பக்கம் இருக்கிறீர்கள். சந்தை விழும்போது பதறி விற்காமல் கையைப் பிடித்து நிறுத்தும் நல்ல முகவர் ஒருவர் கிடைத்தால் ரெகுலரில் கொடுக்கும் அந்தக் காசு வீணில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்த உதவியும் கிடைக்காமல் கொடுத்துக்கொண்டிருந்தால் வீண்தான்.

ஸ்டேட்மென்ட்டில் ஃபண்டின் பெயர் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். டைரக்ட் என்பதற்குப் பக்கத்தில் குரோத் என்று இருக்க வேண்டும், லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் உள்ளேயே வளரவிடும் வகை அது. அதற்குப் பதில் ஐடிசிடபிள்யூ என்ற நான்கு எழுத்து இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். முன்பு டிவிடெண்ட் என்று அழைத்த வகையின் பெயர்தான் 2021 ஏப்ரலிலிருந்து அப்படி மாறியிருக்கிறது. அதில் யூனிட்டுக்கு 12 ரூபாய் கொடுத்தால் அன்றே என்ஏவி 412.36-லிருந்து 400.36 ஆகிவிடும். உங்கள் பணத்தையே ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைப்பார்கள், அதற்கு உங்கள் வருமான வரி அடுக்குப்படி வரியும் கட்ட வேண்டும். சம்பளம் வருகிற வயதில் உங்களுக்கு அது தேவையில்லை.

விற்று மாறுவது பற்றிக் கேட்டீர்கள். நண்பர் சேர்ந்த அந்த ஃபண்டு இப்போது 10 ரூபாயிலும் இருக்காது. தொடக்கக் காலம் முடிந்து யூனிட் கொடுத்துவிட்டால் அதற்கும் தினமும் ஒரு என்ஏவிதான். இங்கே விற்றால் பல பங்கு ஃபண்டுகள் ஒரு வருடத்துக்குள் வெளியேறுவதற்கு 1 சதவீதம் பிடிக்கும். லாபம் வந்திருந்தால் அதில் 20 சதவீதம் குறுகிய கால வரி. விற்கும்போதும் 3 மணிக் கோடு அப்படியே இருக்கிறது, என்ன மதிப்பில் விற்றீர்கள் என்பது ராத்திரிதான் தெரியும். பழைய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கில் போகும், அந்த ஒரு வருடமும் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஓடும். இதையெல்லாம் தாண்டிப் போய் அங்கே நீங்கள் வாங்கப்போவது அதிக எண்ணிக்கையில் சின்னத் துண்டுகள் மட்டுமே.

அடுத்த தவணை போன பிறகு ஸ்டேட்மென்ட் வந்ததும் மூன்று எண்ணை மட்டும் பாருங்கள்: எந்தத் தேதியின் என்ஏவி, அது ஆம்ஃபி தளத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, தொகையை அதால் வகுத்தால் அதே யூனிட் வருகிறதா. ஒத்துப்போகாவிட்டால் முதலில் ஃபண்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பணம் எத்தனை மணிக்குக் கணக்கில் வந்தது என்ற பதிவு அவர்களிடம் இருக்கும், அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சரியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம்.